சூப்பில் போனது எவ்வளவு, சுக்காவில் நின்றது எவ்வளவு?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ மட்டன் எடுப்போம். மஞ்சள், உப்பு போட்டு குக்கரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து மாமனாருக்கும் மாமியாருக்கும் மிளகு சூப்பாகக் கொடுத்துவிடுவேன். துண்டுகளைச் சுக்காவாக வறுப்பேன். மகனுக்கு 22 வயது, ஜிம் போகிறான். "வேகவைத்தால் கிரியேட்டின் எல்லாம் போய்விடும், கிரில் பண்ணித்தான் சாப்பிடணும், இல்லையென்றால் பவுடர் வாங்கணும்" என்கிறான். உண்மையா? மீனை வறுப்பது நல்லதா, குழம்பு வைப்பது நல்லதா? மாமனாருக்கு 71 வயது, சுகர் உண்டு. சூப் அவருக்குத் தெம்பு என்று கொடுக்கிறேன்.
— ஒரு வாசகி, பெரம்பூர்

உணவியல் ஆலோசகர் பதில்:

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. வேகவைத்தால் கிரியேட்டின் கறித்துண்டை விட்டு வெளியே போகிறது, அது உண்மை. ஆனால் அழிந்து போவதில்லை, பெரும்பகுதி தண்ணீரில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் மகன் இல்லை, மாமனார். அதனால் உங்கள் கேள்வியில் இருப்பது இரண்டு பேருடைய விஷயம். மகனைப் பற்றிய கவலையைவிட மாமனாரைப் பற்றிய கவலைதான் எனக்குக் கொஞ்சம் கூடுதல். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிரியேட்டின் தசையில் இருக்கும் ஒரு சின்னப் பொருள். தசை சட்டென்று வேலை செய்ய வேண்டிய நேரத்தில் சக்தியைத் திருப்பித் தருவது அதன் வேலை. 1832-ல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் அதை முதலில் பிரித்தெடுத்ததே இறைச்சிச் சாற்றிலிருந்துதான். கிரேக்க மொழியில் இறைச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயரையும் வைத்தார். தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சமையலில் அதற்கு என்ன ஆகிறது என்பதில் பெரும்பகுதி இந்த ஒரு குணத்திலிருந்தே வருகிறது.

இப்போது உங்கள் குக்கரையே எடுத்துக்கொள்வோம். எலும்போடு ஒரு கிலோ வாங்கினால் தனிக்கறி 700 கிராம் தேறும். பச்சைக் கறியில் கிலோவுக்கு 4 முதல் 5 கிராம் வரை கிரியேட்டின் இருக்கும். ஆக, உங்கள் குக்கருக்குள் போவது சுமார் 3 கிராம். எலும்பில் அது கிடையாது, தசையில்தான் உண்டு. ஆட்டுக்கால் பாயா எவ்வளவு கெட்டியாக, கை ஒட்டுகிற மாதிரி வந்தாலும் அந்த ஒட்டும் தன்மை எலும்பிலும் மூட்டிலும் இருந்து வருவது. கிரியேட்டினுக்கு அது அடையாளம் இல்லை. வேகும்போது மேலே வரும் நுரையும் அப்படித்தான். அது உறைந்த புரதம். அதை எடுத்துப் போட்டாலும் கிரியேட்டின் குறையாது.

700 கிராம் கறியில் முக்கால் பங்கு தண்ணீர், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். சூடு ஏறினால் தசைநார் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும். 700 கிராம் கறி வெந்த பிறகு 450 கிராம்தான் நிற்கும் என்று வையுங்கள். கால் லிட்டர் சாறு வெளியே வந்துவிட்டது. கறிக்குள் இருந்த நீரில் ஏறக்குறைய பாதி அது. அதில் கரைந்திருந்த கிரியேட்டினும் பாதி அதோடு வந்துவிட்டது. நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் வேகவைத்தாலும் இவ்வளவு வெளியே வரும்.

அதற்கு மேல் நீங்கள் மூன்று டம்ளர், சுமார் 600 மில்லி தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால், துண்டுக்குள் மிச்சம் இருப்பதும் மெல்ல வெளியே கசியும். உள்ளும் புறமும் சமமாகும்வரை இது நடக்கும். முழுக்கச் சமமாகிவிட்டால் நான்கில் மூன்று பங்கு வெளியே இருக்கும். குக்கரில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் அந்த அளவுக்குப் போகாது. ஆகவே பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில், பத்தில் ஆறு பங்கு சூப்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். துண்டு சின்னதாக இருந்தாலோ, தண்ணீர் நிறைய ஊற்றினாலோ, நீண்ட நேரம் வேகவிட்டாலோ வெளியே போவது கூடும்.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. சூட்டில் கிரியேட்டினில் ஒரு பகுதி ஒரு மூலக்கூறு தண்ணீரை இழந்து கிரியேட்டினின் என்ற வேறு பொருளாகிவிடும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலரும் குழம்புவார்கள். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்துக்காகப் பார்க்கிறார்களே, அதே கிரியேட்டினின்தான். உடம்பால் அதைத் திரும்பக் கிரியேட்டினாக்கிப் பயன்படுத்த முடியாது, சிறுநீரில் அனுப்பிவிடும். மகன் பயப்படுகிற "அழிவு" என்பது உண்மையில் இந்த மாற்றம்தான். வீட்டுச் சமையலில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இப்படி மாறும். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போவதால் மாற்றம் வேகமாக நடக்கும், ஆனால் நேரம் குறைவு. திறந்த பாத்திரத்தில் சூடு 100 டிகிரிதான், நேரம் ஒன்றரை மணி ஆகும். இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு வராது.

கணக்கை முடித்துவிடலாம். 3 கிராமில் கால் பங்கு கிரியேட்டினினாகிவிட்டது என்று வைத்தால் மீதம் 2.25 கிராம். அதில் 1.35 கிராம் சூப்புக்குப் போய்விட்டது. எல்லாத் துண்டுகளிலும் சேர்ந்து நிற்பது 0.9 கிராம். மகன் மூன்றில் ஒரு பங்கு கறியைச் சாப்பிட்டாலும் அவனுக்குக் கிடைப்பது 0.3 கிராம்.

அதே கறியைத் தண்ணீரை வடிக்காமல் சமைத்தால்? கறி முங்காத அளவுக்கு ஒரு டம்ளர் மட்டும் ஊற்றி வேகவைத்து, குக்கரைத் திறந்தபிறகு அந்தச் சாறு வற்றி, மசாலாவோடு துண்டின் மேல் ஒட்டும்வரை சுருள வதக்குங்கள். தண்ணீர் ஆவியாகும், கிரியேட்டின் ஆவியாகாது. அடியில் பிடித்திருக்கும் மசாலாவைச் சுரண்டி எடுப்பதும், அந்த வாணலியில் சோறு போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவதும் இந்த விஷயத்தில் நல்ல பழக்கம்தான். இப்போது 2.25 கிராமும் வாணலியில் இருக்கிறது, மகனுடைய பங்கு 0.75 கிராம். கறி அதே, அடுப்பு அதே. வடிக்காததால் மட்டும் இரண்டரை மடங்கு. குழம்பாக வைத்தாலும் இதே அளவுதான், குழம்பை ஊற்றிச் சாப்பிட்டால். பிரியாணியில் கறிச்சாறு சோற்றில் ஏறிவிடுகிறது. வடிக்கிற தண்ணீர் கறி சேர்வதற்கு முன்பு அரிசி வெந்த தண்ணீர், அதனால் நஷ்டமில்லை.

கிரில் விஷயத்துக்கு வருகிறேன். ஜிம்மில் கொடுக்கும் அட்டவணைகளில் 100 கிராம் வேகவைத்த கறிக்கு இவ்வளவு, 100 கிராம் கிரில் கறிக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். கிரில் பக்கம் எண் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். கிரிலில் தண்ணீர் ஆவியாகித் துண்டு இளைத்துப் போகிறது. வெந்து 100 கிராம் நிற்கும் துண்டு, பச்சையாக இருந்தபோது 150 கிராம் இருந்திருக்கும். இளைத்த துண்டில் எடைக்கு எடை கிரியேட்டின் அடர்த்தியாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை, ஆனால் கூடுதலாக எதுவும் உண்டாகிவிடவில்லை. பச்சைக் கறியின் எடையை வைத்துக் கணக்குப் போடுவதுதான் ஏமாற்றம் இல்லாத வழி. உண்மையில் கிரிலில் சொட்டும் சாறு கரியில் விழுந்து போய்விடுகிறது. குழம்பில் அப்படி எதுவும் கீழே போவதில்லை. சாற்றோடு சாப்பிடும் குழம்புக்குக் கிரில் எந்த வகையிலும் மேலில்லை.

கருகலைப் பற்றியும் சொல்லவேண்டும். 1977-ல் ஜப்பானில் சுகிமுரா என்ற ஆய்வாளரின் குழு, சுட்ட மீனின் கருகிய மேல்பாகத்தில் மரபணுவை மாற்றக்கூடிய பொருட்கள் இருப்பதைக் காட்டியது. அந்த வகைப் பொருட்கள் உண்டாவதற்கு வேண்டிய மூலப்பொருட்களில் ஒன்று கிரியேட்டின்தான் என்பது பிறகு தெரிந்தது. ஈரம் காய்ந்து, மேல்பரப்பு 150 டிகிரியைத் தாண்டும்போது கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் சேர்ந்து அவை உருவாகின்றன. அளவு மிகமிகச் சிறியது, அதனால் கருகினால் கிரியேட்டின் குறைந்துவிடும் என்பதல்ல பிரச்சினை. தினமும் கருகிய சிக்கனைச் சாப்பிடுவதுதான் பிரச்சினை. மகன் ஆசைப்பட்டால் வாரத்தில் ஒரு நாள் சாப்பிடட்டும், கறுத்த ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு.

அப்புறம் மீன். வஞ்சிரத்தைத் தோசைக்கல்லில் வறுக்கும்போது கிரியேட்டின் எண்ணெய்க்குப் போகாது, கரையாது என்று முன்பே சொன்னேன். அரை அங்குலத் துண்டு ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் என்று வறுத்தால் மேலே மொறுமொறுவென்று ஆனாலும் உள்ளே ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நேரமும் குறைவு. அதனால் வறுவலில் இழப்பு குறைவுதான். மசாலா பூச்சு வெளிவரும் சாற்றைப் பிடித்துக்கொள்வதும் ஒரு லாபம். தோசைக்கல் சரியாகக் காயாமல் மீனைப் போட்டால் அது நீர் விட்டு, வறுபடாமல் வேகும். அந்த நீர் கல்லிலேயே சுண்டிக் கருகி, கழுவும்போது போய்விடும். கல்லில் "சொய்" சத்தம் அடங்கி, ஓரத்தில் வெள்ளையாக நீர் கட்டினால் அதுதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புளிக்குழம்பில் கணக்கு கொஞ்சம் வேறு. கிரியேட்டினினாக மாறுவது புளிப்பில் வேகம் பிடிக்கும். புளிப்பான தண்ணீரில் கரைத்து 25 டிகிரி வெப்பத்தில் வைத்தால்கூட மூன்று நாளில் ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடும். கொதிநிலையில் அது நிமிடக் கணக்கில் நடக்கும். நல்லவேளையாக நம் வழக்கம் சரியாக இருக்கிறது: குழம்பு நன்றாகக் கொதித்து, பச்சை வாசனை போனபிறகுதான் மீனைப் போட்டு, எட்டுப் பத்து நிமிடத்தில் இறக்குகிறோம். புளிப்பு துண்டின் உள்ளே போய்ச் சேர்வதற்குள் சமையல் முடிந்துவிடும். மறுநாள் மீன் குழம்புக்கு ருசி அதிகம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஒரு இரவில் இழப்பது சொற்பம். ஆனால் அதை மூன்று வேளையும் தளதளவென்று கொதிக்கவைத்துச் சூடுபண்ணினால், குழம்பில் இறங்கியிருக்கும் கிரியேட்டினில் நல்ல பகுதி மாறிப்போகும். தேவையான அளவை மட்டும் எடுத்து ஒரு கொதி விட்டு உடனே இறக்குங்கள். கிரியேட்டினை மட்டும் பார்த்தால் வறுவலுக்குத்தான் கொஞ்சம் முன்னிலை. அந்தக் கொஞ்சத்துக்காக மீன் குழம்பை விடவேண்டியதில்லை.

சந்தையிலேயே துண்டு போட்டு வாங்கிவந்து, கல்லுப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் அரை மணி ஊறப்போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வெட்டிய பக்கம் வழியாக அப்போதே கொஞ்சம் கசியும். உப்பு, மஞ்சள் தடவி இரண்டு தண்ணீரில் சுருக்காக அலசினால் போதும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இறால், நண்டு, கணவாய் மூன்றிலும் கிரியேட்டின் மிகக் குறைவு. அவற்றின் தசை அந்த வேலைக்கு அர்ஜினைன் சார்ந்த வேறு பொருளைப் பயன்படுத்துகிறது. புரதத்துக்காகச் சாப்பிடலாம், கிரியேட்டினுக்காக இறால் வாங்கிப் பயனில்லை. பாலில் மிகச் சொற்பம், பருப்பில் இல்லை.

பவுடர் வேண்டுமா என்ற கேள்விக்கு எண்களே பதில் சொல்லும். ஒரு நாளைக்கு உடம்பிலிருந்து சுமார் 2 கிராம் கழிந்து போகிறது. அதில் ஏறக்குறைய 1 கிராமைக் கல்லீரலும் சிறுநீரகமும் தாங்களே தயாரித்துவிடும். மீதம்தான் உணவு. கறி, மீன் சாப்பிடும் சாதாரண ஆளுக்கு இது போதும். சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தசையில் இருப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். எடை தூக்குபவர்கள் பவுடரில் எடுத்துக்கொள்ளும் அளவு தினம் 3 முதல் 5 கிராம். அதை உணவிலேயே எட்ட வேண்டுமென்றால் நாளுக்கு ஒரு கிலோ தனிக்கறி வேண்டும். எந்தச் சமையல் முறையும் அந்த இடைவெளியை நிரப்பாது. உங்கள் மகனுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு எதுவும் இல்லையென்றால், 3 கிராம் சாதாரண கிரியேட்டின் மோனோஹைட்ரேட் எடுப்பதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். எலுமிச்சை ஜூஸில் கரைத்து பாட்டிலில் நாள் முழுக்க வைத்துக் குடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், புளிப்பில் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். கலக்கியதும் குடித்துவிடட்டும். வீட்டுத் தாத்தாவுக்குச் சர்க்கரை இருப்பதால், தொடங்குமுன் ஒருமுறை இவனுக்கும் ரத்தத்தில் சர்க்கரையும் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் மாமனார். கறி வடித்த சூப்பில் கிரியேட்டின் மட்டும் இல்லை, வேகும்போது உண்டான கிரியேட்டினினும் கரைந்திருக்கிறது. உங்கள் ஒரு கிலோ கணக்கில், மாமனாரும் மாமியாரும் பாதிப் பாதி குடித்தால் ஆளுக்குச் சுமார் 0.2 கிராம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் அவருடைய உடம்பு ஒரு நாள் முழுக்க உண்டாக்கிக் கழிக்கும் கிரியேட்டினினே ஏறக்குறைய 1 கிராம்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒரே டம்ளரில் குடிக்கிறார். அது குடலிலிருந்து அப்படியே ரத்தத்துக்குப் போகும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அளவு உச்சத்துக்கு ஏறி, பிறகு சிறுநீரகம் கழிக்கக் கழிக்க இறங்கும். சிறுநீரகம் மந்தமாக இருப்பவர்களுக்கு இறங்க நேரமாகும்.

இதனால் சிறுநீரகம் கெட்டுப்போகாது, பயப்பட வேண்டாம். பிரச்சினை பரிசோதனை முடிவைப் படிப்பதில் வருகிறது. என்னிடம் ஒரு பெரியவர் வந்தார், உங்கள் மாமனார் வயதுதான். வழக்கமாக 1.2 இருந்த கிரியேட்டினின் திடீரென்று 1.5 காட்டியது. அதிலிருந்து கணக்கிடும், சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண் 65-லிருந்து 50-க்கு வந்துவிட்டது. 60-க்குக் கீழே போனால் சிறுநீரகக் குறைபாடு என்று யோசிக்கத் தொடங்குவார்கள். வீடே கலங்கிப்போனது, கறி, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ரத்தம் கொடுத்த நாளை விசாரித்தேன். காலையில் நெஞ்செலும்புக் கறி சூப் இரண்டு டம்ளர், பதினொரு மணிக்கு ரத்தம். ஒரு வாரம் கழித்து, இரண்டு நாள் கறி இல்லாமல் திரும்ப எடுக்கச் சொன்னேன். 1.2 வந்தது.

சர்க்கரை உள்ளவருக்கு இந்தப் பரிசோதனை வருடா வருடம் தேவை, அதைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தம் கொடுக்கும் நாளிலும் அதற்கு முந்தின நாள் முழுக்கவும் கறி, மீன், சூப் வேண்டாம். உங்கள் வீட்டில் ஞாயிறுதான் கறி நாள் என்றால், பரிசோதனையைத் திங்களில் வைக்காமல் புதன் அல்லது வியாழனில் வையுங்கள். அப்படி எடுத்தும் அளவு கூடுதலாகவே வந்தால், அதை சூப்பின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, மருத்துவரைப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை உண்டு, சாப்பிட்ட கறி அதை மாற்றாது. சிறுநீரில் ஆல்புமினையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு பல நேரம் அதில்தான் முதலில் தெரியும்.

தெம்புக்காக சூப் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வடித்த தண்ணீரில் உப்பும் ருசியும் கரைந்த பொருட்களும் இருக்கின்றன, புரதம் கொஞ்சம்தான். அவர் வயதில் தசை கரையாமல் இருக்கத் தேவையானது துண்டில் இருக்கிறது. பல் தாங்கவில்லை என்றுதான் சூப் கொடுக்கிறீர்கள் என்றால், தொடைக்கறியைக் கொத்தி வாங்கி, வடிக்காமல் மசியவிட்டு, மிளகு தூக்கலாகப் போட்டுச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். மாமியாருக்கும் அதுவே ஆகும்.